உறுதிப்படுத்தும் திரையில் பேங்க் ஆப் உறைந்து நின்றால்: வங்கிக்கு எப்படி எழுதுவது

கொட்டகலையில் நான் வைத்திருக்கும் சின்னக் கொமியூனிகேஷன் கடைக்கு ரீலோட் போடவும் போட்டோகொப்பி எடுக்கவும் வருகிறவர்கள்தான் அதிகம். இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. "தம்பி, காசு அனுப்பினேன், போன் அப்படியே நின்னுபோச்சு, பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க" என்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்ததில் எங்கே தவறு நடக்கிறது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. எழுதுகிற விதத்தில் பிழை குறைவு. எழுத முன் செய்த காரியங்களிலும், செய்யாமல் விட்ட காரியங்களிலும்தான் பிழை அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான்.

இதில் சொல்லப்போவது ஒரே ஒரு சிக்கல். பெறுபவரின் கணக்கிலக்கத்தையும் தொகையையும் போட்டாயிற்று, `Confirm` பொத்தானையும் அழுத்தியாயிற்று. சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெற்றி என்றும் வரவில்லை, தோல்வி என்றும் வரவில்லை.

தொடங்க முன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பேனாவும் தாளும். வங்கியில் பதிவு செய்த சிம் இருக்கிற போன். முடிந்தால் இன்னொருவரின் போன், படம் பிடிக்க. வங்கி அட்டை அல்லது பாஸ் புத்தகம், வங்கியின் சரியான தொலைபேசி இலக்கத்தை அதிலிருந்து எடுக்க. காசு போய்ச்சேர வேண்டியவரோடு கதைக்க ஒரு வழி. இவ்வளவு போதும்.

1. இரண்டாம் தரம் அழுத்தாதீர்கள்

இது முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மற்றப் படிகளில் விட்ட பிழையைப் பிறகு திருத்தலாம். இங்கே விட்ட பிழையைத் திருத்துவது கஷ்டம்.

`Confirm` அழுத்தியதும் உங்கள் போன் வங்கியின் கணினிக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது. வங்கி அதை நிறைவேற்றிவிட்டு "முடிந்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். திரை நிற்பது பெரும்பாலும் இந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும்போதுதான். கட்டளை போகவே இல்லையா, போய் வேலையும் முடிந்து பதில் மட்டும் வழியில் விழுந்துவிட்டதா என்று போனுக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இரண்டுக்கும் திரையில் தெரிவது ஒரே சக்கரம்.

எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்க ஒரு காரணம் சிக்னல். மலைச் சரிவின் ஒரு பக்கம் நான்கு கோடு, லயத்துக்குள் போனால் ஒரு கோடு, பஸ் வளைவு திரும்பினால் ஒன்றுமில்லை. ஒரு டவரை விட்டு இன்னொரு டவருக்கு மாறுகிற அந்த இடைவெளியில் கட்டளை போய்விடும், பதில் வந்து சேராது. வாசலில் நின்று அழுத்திவிட்டு வீட்டுக்குள் நடந்து போனவர்களுக்கு இது நடந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு பையன் மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்தான். நின்ற திரையில் மூன்று தரம் அழுத்தியிருக்கிறான். இரண்டு தரம் காசு போய்விட்டது. போய்ச் சேர்ந்தது அவனுக்குத் தெரிந்தவரின் கணக்கு என்பதால் திரும்பக் கிடைத்தது. தெரியாத ஆளாக இருந்தால்? ஒருவரின் கணக்கில் வரவு வைத்த காசை அவர் சம்மதம் இல்லாமல் வங்கி பிடுங்கி எடுக்க முடியாது. கேட்டுப் பார்க்கத்தான் முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பை மூடினாலோ, டேட்டாவை நிறுத்தினாலோ, போனை அணைத்தாலோ பணமாற்றம் ரத்தாகாது. நிறையப் பேர் ரத்தாகிவிடும் என்று நம்பி, போனை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி அனுப்புகிறார்கள். கட்டளை போய்விட்டதென்றால் அது போயாயிற்று.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? போனின் மேல் மூலையில் தெரியும் நேரத்தைத் தாளில் எழுதுங்கள். "மாலை ஆறு மணியளவில்" என்று எழுதாதீர்கள், "6.42" என்று எழுதுங்கள். ஒரு நாளில் வங்கி பார்க்கிற பதிவுகள் எக்கச்சக்கம். அதில் உங்களுடையதைத் தேடப்போகிறவருக்கு இந்த நிமிடம்தான் பிடி.

2. எந்த இடத்தில் நின்றது என்று பிரித்துப் பாருங்கள்

"அனுப்பும்போது நின்றது" என்று எழுதினால் வங்கியிலிருந்து ஒரு கேள்வி திரும்பி வரும். அதற்குப் பதில் போட்டு, மறுபதில் வர இன்னொரு நாள் போகும். அதனால் இதை நீங்களே முன்கூட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விவரங்களைக் காட்டி "சரியா?" என்று கேட்கும் திரையில், நீங்கள் அழுத்த முன்பே நின்றதா? அப்படியென்றால் காசு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஓடிபி கேட்கும் திரையில் நின்றதா? இங்கே ஒரு வழமையான சங்கதி நடக்கும். ஓடிபி வந்திருக்கிறதா என்று பார்க்க எஸ்எம்எஸ் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவீர்கள். அதற்குள் ஆப் உறைந்திருக்கும். இலக்கத்தை நீங்கள் போடவே இல்லை என்றால், வங்கி அதற்காகக் காத்திருந்துவிட்டு அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிடும். ஓடிபிக்கு ஆயுள் குறைவு. பிந்தி வந்த ஓடிபியைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

ஓடிபி போட்ட பிறகு, அல்லது ஓடிபி கேட்காத ஆப்பில் கடைசி `Confirm` அழுத்திய பிறகு நின்றதா? இதுதான் ஆபத்தான இடம். காசு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இந்த வகைக்குத்தான் கீழே வரும் எல்லாப் படியும்.

எந்தத் திரையில் நின்றதோ அந்தத் திரையில் கடைசியாக வாசித்த சொல்லை அப்படியே தாளில் எழுதிவையுங்கள். `Processing` என்று இருந்தால் `Processing` என்றே எழுதுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம். வங்கியின் தொழில்நுட்ப ஆட்கள் அந்தச் சொல்லை வைத்துத்தான் இடத்தைத் தேடுவார்கள்.

3. காசு இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எழுத உட்கார முன் இதைச் செய்யாமல் விடுவதுதான் நான் பார்த்த இரண்டாவது பெரிய பிழை. "என் காசு போச்சு" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு பார்த்தால் காசு கணக்கிலேயே இருக்கும். அடுத்த தரம் அவர்கள் உண்மையிலேயே காசை இழந்து எழுதும்போது வார்த்தையில் பலம் இருக்காது.

முதலில் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பற்று வைத்ததற்கு எஸ்எம்எஸ் வரும் சேவையை எடுத்திருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் காசு போகவில்லை என்று முடிவெடுக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ்ஸும் பிந்தும்.

அப்புறம், நின்ற திரையை 4ஆம் படியில் சொல்வதுபோல் முதலில் படம் பிடித்துவிட்டு, நல்ல சிக்னல் இருக்கிற இடத்துக்கு வந்து, ஆப்பை மூடித் திறந்து, மீதியையும் கடைசிப் பரிமாற்றங்களையும் மட்டும் பாருங்கள். ஆப் திறக்கவே மாட்டேன் என்றால் ஏடிஎம்மில் மீதி பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போக முடியாத ஆட்கள் வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

மூன்றாவதாக, காசு கிடைக்க வேண்டியவரைக் கேளுங்கள். அவரும் எஸ்எம்எஸ்ஸை மட்டும் பார்க்காமல் மீதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் நிலைமை மூன்றில் ஒன்றாக இருக்கும். உங்களிடம் கழிபடவில்லை, அவருக்கும் போகவில்லை: பணத்தில் சிக்கல் இல்லை, ஆப்பின் கோளாறைப் பற்றி மட்டும் எழுதலாம். உங்களிடம் கழிந்து அவருக்கும் போய்விட்டது: பணமாற்றம் முடிந்துவிட்டது, பற்றுச்சீட்டு மட்டும் கேட்டு எழுதலாம். உங்களிடம் கழிந்துவிட்டது, அவருக்குப் போகவில்லை: இதுதான் அவசரமாக எழுத வேண்டியது.

இந்த மூன்றாவது நிலைமையில் இருக்கிறோம் என்று முடிவெடுக்க முன் ஒன்றைக் கவனியுங்கள். வேறு வங்கிக்கு அனுப்பும்போது சில ஆப்களில் CEFTS, SLIPS என்று இரண்டு வழி காட்டும். CEFTS என்றால் உடனடியாகப் போகும், இரவிலும் விடுமுறையிலும் போகும். SLIPS தொகுதி தொகுதியாகச் சேர்த்து அனுப்பும் முறை, அது வங்கி வேலை நாளில்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை மாலை SLIPS வழியாக அனுப்பிவிட்டு சனிக்கிழமை காசு வரவில்லை என்றால் அது கோளாறு இல்லை. திங்கட்கிழமை போயா என்றால் செவ்வாய் வரைக்கும் பொறுக்க வேண்டும். எந்த வழியைத் தெரிவு செய்தீர்கள் என்று ஞாபகப்படுத்தித் தாளில் எழுதுங்கள், செய்தியிலும் அது வர வேண்டும்.

4. ஆதாரம் சேர்த்தல்

ஆப்பை மூட முன்பே நின்ற திரையைப் படம் பிடியுங்கள். பல வங்கி ஆப்கள் பாதுகாப்புக்காக ஸ்கிரீன்ஷாட்டைத் தடுத்துவிடும், படம் எடுத்தால் கறுப்பாக இருக்கும், அல்லது எடுக்கவே விடாது. போன் பழுது என்று நினைக்க வேண்டாம். இன்னொருவரின் போனால் திரையைப் படம் எடுங்கள். மேலே இருக்கும் நேரமும் சிக்னல் கோடும் படத்தில் விழட்டும்.

ஆப்பின் பதிப்பு இலக்கமும் வேண்டும். அண்ட்ரொய்ட் போனில் `Settings`, பிறகு `Apps`, அதில் வங்கியின் ஆப்பைத் தொட்டால் கீழே `Version` என்று இருக்கும். போனின் பதிப்பு `About phone` பகுதியில் `Android version` என்ற இடத்தில் இருக்கும். போனின் மொடலும் அங்கேயே தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், குறைந்தது செய்தியை அனுப்பும் வரைக்கும். கோளாறு நடந்த பதிப்பு எது என்பது அதோடு போய்விடும். அதைவிட, பல ஆப்கள் அந்த ஒரு போனோடு இணைத்துப் பதிந்திருக்கும். அழித்தால் மறுபடி பதிய வேண்டும். ஒருவருக்கு அதற்காகக் கிளைக்கே போக வேண்டியதாயிற்று, தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளம் போய்விட்டது.

5. எங்கே அனுப்புவது

ஆப்புக்குள் செய்திப் பெட்டி இருந்து அது திறக்குமென்றால் அதுவே நல்லது. நீங்கள் யார் என்று வங்கிக்கு ஏற்கனவே தெரியும். இல்லையென்றால், வங்கியில் பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து அனுப்புங்கள். மகனுடைய மின்னஞ்சலில் இருந்து அம்மாவின் கணக்கைப் பற்றி எழுதினால், அடையாளத்தை உறுதிப்படுத்தவே நேரம் போகும்.

முகவரியை வங்கியின் சொந்த இணையத்தளத்திலிருந்தோ, அட்டையின் பின்பக்கத்திலிருந்தோ எடுங்கள். பேஸ்புக்கில் வங்கியின் பக்கத்துக்குக் கீழே முறைப்பாடு எழுதினால், சில நிமிடத்தில் "நாங்கள் உதவி செய்கிறோம்" என்று வங்கியின் படத்தோடு ஒருவர் வருவார். ஓடிபி கேட்பார். அவர் வங்கி ஆள் இல்லை. உங்களுக்கு ஏற்கனவே காசு சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்டதால்தான் தேடி வருகிறார்.

6. செய்தியை எழுதுதல்

இப்போது எழுதலாம். ஒரு நிஜச் சம்பவத்தை வைத்தே சொல்கிறேன். தொகையையும் நேரத்தையும் மாற்றியிருக்கிறேன்.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. மகள் பேராதனையில் படிக்கிறாள். போர்டிங் காசு 18,500 ரூபாவை வீட்டுக்கார அம்மாவின் கணக்குக்கு, அது வேறு வங்கி, CEFTS வழியாக அனுப்பினார். 6.42க்கு `Confirm` அழுத்தினார். `Processing` என்று நின்றது. நல்ல வேளையாக மறுபடி அழுத்தவில்லை. அடுத்த நாள் காலை ஏடிஎம்மில் பார்த்தால் 42,360 ரூபா இருந்த இடத்தில் 23,835 ரூபா. 18,500உம் அனுப்பும் கட்டணம் 25உம் கழிந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை.

மகள் போனிலேயே எழுதி அனுப்பிய முதல் வரைவு இது:

> வணக்கம் சேர். உங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம். உங்கள் ஆப் சரியாக வேலை செய்வதே இல்லை, பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நேற்று காசு அனுப்பும்போது நின்றுவிட்டது. காசும் போய்விட்டது. தயவுசெய்து எங்கள் காசை உடனே திருப்பித் தாருங்கள்.

இதில் மரியாதைக்குக் குறைவு இல்லை. ஆனால் இதைப் படிக்கிற ஆள் ஒன்றுமே செய்ய முடியாது. யாருடைய கணக்கு, எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று எதுவும் இல்லை. "பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்" என்பது உங்கள் பரிமாற்றத்தைக் கண்டுபிடிக்க உதவாது, படிக்கிறவரைத் தற்காப்புக்குத் தள்ளும். கஷ்டம் உண்மைதான், அதை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எப்போதைக்குள் காசு வேண்டும் என்ற ஒரு வரியாக வந்தால்தான் பயன். "காசைத் திருப்பித் தாருங்கள்" என்ற வேண்டுகோளிலும் பிழை இருக்கிறது. அக்காவுக்குத் தேவை காசு வீட்டுக்கார அம்மாவிடம் போய்ச் சேர்வது. அது இன்னும் வழியில் இருக்கலாம். அதனால் முதலில் கேட்க வேண்டியது நிலைமை என்ன என்பதைத்தான்.

நான் எழுதும் வரிசை இப்படி. தலைப்பிலேயே மூன்று விஷயம்: பணமாற்றம் நின்றது, தொகை, திகதி. உதவிப் பிரிவில் முதலில் கண்ணில் படுவது தலைப்புத்தான். முதல் பந்தியில் நீங்கள் யார் என்றும் என்ன நடந்தது என்றும் இரண்டு வரி. அதற்குக் கீழே விவரங்கள் ஒவ்வொன்றும் தனி வரியில், ஏனென்றால் படிக்கிறவர் அதைப் பார்த்துத் தன் கணினியில் தட்டப்போகிறார். அதற்குக் கீழே காசு இப்போது எங்கே நிற்கிறது என்பது. அதன் பிறகுதான் வேண்டுகோள்.

வேண்டுகோளில் காசையும் ஆப்பையும் கலக்காதீர்கள். காசைத் தேடுவது ஒரு பிரிவு, ஆப்பைத் திருத்துவது இன்னொரு பிரிவு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால், ஆப்பைப் புதுப்பித்துப் பாருங்கள் என்று ஒரு பதில் வந்து முறைப்பாடு மூடப்பட்டுவிடும், காசைப் பற்றிப் பேச்சே இருக்காது. காசு முதலில், ஆப் கடைசியில்.

மரியாதை என்பது வார்த்தையை அடுக்குவதில் இல்லை. "தயவுசெய்து" ஒரு தரம் போதும். மன்னிப்பு கேட்க உங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" தேவையில்லை. "நீங்கள் என் காசை எடுத்துவிட்டீர்கள்" என்பதற்குப் பதிலாக "என் கணக்கில் கழிபட்டுள்ளது" என்று எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறது, யாரையும் குற்றம் சாட்டவில்லை. படிக்கிறவர் உங்கள் ஆப்பை எழுதிய ஆள் இல்லை, அன்றைக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர், அவ்வளவுதான்.

மொழியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தமிழில் எழுதலாம். வாக்கியங்களைச் சிறிதாக வையுங்கள். உள்ளே இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டி வந்தால் அது சுலபம். தொகை, திகதி, நேரம் எல்லாவற்றையும் இலக்கத்தில் எழுதுங்கள், இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அக்காவுக்காக எழுதிய செய்தி இது:

> தலைப்பு: பணமாற்றம் உறுதிப்படுத்தும் திரையில் நின்றது – ரூபா 18,500 – 2025.03.12
>
> அன்புடையீர்,
>
> நான் உங்கள் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கிலக்கத்தின் கடைசி நான்கு இலக்கங்கள் 4471. நேற்று உங்கள் மொபைல் ஆப் மூலம் வேறு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியபோது, உறுதிப்படுத்திய பின் திரை உறைந்து நின்றது. வெற்றி அல்லது தோல்வி என்ற செய்தி எதுவும் வரவில்லை.
>
> திகதி, நேரம்: 2025.03.12, மாலை 6.42
> தொகை: ரூபா 18,500.00
> வழி: CEFTS
> பெறுபவர் கணக்கு: கடைசி நான்கு இலக்கங்கள் 9026
> நின்ற இடம்: `Confirm` அழுத்திய பின், திரையில் `Processing`
> மறுபடி முயன்றேனா: இல்லை
>
> இன்று காலை 8.15க்கு ஏடிஎம்மில் பார்த்தபோது மீதி ரூபா 42,360.00 இலிருந்து ரூபா 23,835.00 ஆகக் குறைந்திருந்தது. தொகையும் கட்டணம் ரூபா 25உம் கழிபட்டுள்ளன. இன்று காலை 9.00 மணி வரை பெறுபவரின் கணக்குக்குப் பணம் வரவில்லை என்று அவர் பார்த்துச் சொன்னார்.
>
> தயவுசெய்து பின்வருவனவற்றைத் தெரியப்படுத்துங்கள்:
> 1. இந்தப் பணமாற்றத்தின் தற்போதைய நிலை என்ன? பெறுபவருக்குப் போகுமா, என் கணக்குக்குத் திரும்புமா?
> 2. இதே தொகையை நான் இப்போது மறுபடி அனுப்பலாமா, பொறுத்திருக்க வேண்டுமா?
> 3. இந்த முறைப்பாட்டுக்கான இலக்கம் என்ன?
>
> இது மகளின் தங்குமிடக் கட்டணம். 15ஆம் திகதிக்குள் செலுத்த வேண்டும்.
>
> ஆப் நின்றதற்கான விவரங்கள் தனியாக: ஆப் பதிப்பு, போன் மொடல், அண்ட்ரொய்ட் பதிப்பு ஆகியவை இணைத்த படங்களில் உள்ளன. சிம் டேட்டாவில் பயன்படுத்தினேன், அப்போது சிக்னல் ஒரு கோடு இருந்தது.
>
> பதிவு செய்த இலக்கத்தில் மாலை 4 மணிக்குப் பின் என்னோடு கதைக்கலாம்.
>
> நன்றி.
> இப்படிக்கு,
> (கணக்கில் உள்ளபடி முழுப் பெயர்)

"மறுபடி முயன்றேனா: இல்லை" என்ற வரியைப் பாருங்கள். அதை எழுதாமல் விட்டால் வங்கி முதலில் கேட்பது அதுதான். மறுபடி அழுத்தியிருந்தால் மறைக்காமல் "ஆம், இரண்டு தரம், 6.44க்கும் 6.45க்கும்" என்று எழுதுங்கள். பதிவில் அது இருக்கத்தான் போகிறது.

இரண்டாவது கேள்வியை நான் எல்லோருடைய செய்தியிலும் சேர்ப்பேன். இதற்கு எழுத்தில் பதில் வரும் வரைக்கும் அதே தொகையை மறுபடி அனுப்பாமல் இருப்பது நல்லது. கட்டாயம் அன்றைக்கே கட்ட வேண்டும் என்றால், முதலாவது பிறகு போய்ச் சேர்ந்தால் திருப்பித் தருவார் என்று நம்பக்கூடிய ஆளுக்கு மட்டும் அனுப்புங்கள்.

மாலை 4 மணிக்குப் பின் என்று போட்டதும் காரணத்தோடுதான். கொழுந்து நிறுக்க முன் அக்காவால் போன் எடுக்க முடியாது. மலையில் சிக்னலும் இல்லை. இரண்டு தரம் எடுத்துப் பதில் இல்லை என்று வங்கி முறைப்பாட்டை ஓரம்கட்டக் கூடாது.

7. செய்தியில் வரக் கூடாதவை

பாஸ்வேர்ட், பின் இலக்கம், ஓடிபி, அட்டையின் முழு இலக்கம், அட்டைக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கம். முடிந்துபோன பழைய ஓடிபியும் வேண்டாம், அதைக் காட்டிப் பழகினால் அடுத்த தரம் புதியதையும் காட்டுவோம். எஸ்எம்எஸ் பக்கத்தைப் படம் எடுத்து இணைக்கிறபோதுதான் இது தவறிப் போகிறது: பற்று வைத்த செய்திக்கு மேலேயே ஓடிபி செய்தியும் இருக்கும். அனுப்ப முன் படத்தை வெட்டுங்கள்.

கணக்கிலக்கம் முழுவதும் வேண்டும் என்று வங்கி கேட்டால், அவர்களுடைய சரியான முகவரிக்குத்தான் பதில் போகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

8. அனுப்பிய பிறகு

முறைப்பாட்டு இலக்கம் வந்ததும் அதே தாளில் எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு எழுதும் எல்லாவற்றையும் அதே செய்திக்குப் பதிலாகவே எழுதுங்கள். நாளுக்கு ஒரு புதுச் செய்தி அனுப்பினால் நாளுக்கு ஒரு புது முறைப்பாடாகப் பதியும், ஒவ்வொன்றும் வேறு ஆளின் கையில் போகும். மூன்று பேர் மூன்று மாதிரிப் பதில் சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் மீதியைப் பாருங்கள். நின்றுபோன பணமாற்றம் சில நேரம் யாரும் தொடாமலே கணக்குக்குத் திரும்பிவிடும். திரும்பினால் அதையும் ஒரு வரியில் வங்கிக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சொன்ன நாளுக்குள் பதில் இல்லை என்றால் நினைவூட்டல் இப்படி இருக்கட்டும்: "முறைப்பாட்டு இலக்கம் இது. 13ஆம் திகதி எழுதினேன். ரூபா 18,500 இன்றுவரை பெறுபவருக்குப் போகவில்லை, எனக்கும் திரும்பவில்லை. யார் பார்க்கிறார், எப்போது முடிவு தெரியும் என்று அறியத் தாருங்கள்." அதற்கும் பதில் இல்லாவிட்டால் அச்சடித்த பிரதியோடு கிளைக்குப் போய் முகாமையாளரைப் பாருங்கள், ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

அங்கும் தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, அதன் தொலைபேசி இலக்கம் 1935. முதலில் உங்கள் வங்கிக்கு எழுதிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டியது இந்தச் செய்தியும், முறைப்பாட்டு இலக்கமும், முத்திரை பதித்த பிரதியும்தான்.

அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. அன்று பின்னேரமே முறைப்பாட்டு இலக்கம் வந்தது. அடுத்த நாள், பணம் பெறுபவரின் வங்கியில் ஏற்கப்படவில்லை, உங்கள் கணக்குக்குத் திரும்புகிறது, எஸ்எம்எஸ் வந்த பின் மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எஸ்எம்எஸ் வந்தபோது அக்கா என் கடைக்கு வந்து, நல்ல சிக்னலில், வாசல்படியில் அசையாமல் நின்றபடி `Confirm` அழுத்தினார்.